கதவைத் தள்ளும் தண்ணீர்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதி இரவு அடையாற்றில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? சென்னைவாசிகளுக்கு மறந்திருக்காது. அன்று ஆற்றங்கரைக்குச் சற்றுத் தள்ளி, கீழ்த்தளத்து வீடு ஒன்றில் என் அத்தை தனியாக இருந்தாள். வாசல் பக்கம் தெருவே ஆறாக ஓடிற்று. கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிட்டால் மாடிப்படி பக்கத்திலேயே இருக்கிறது, ஏறிவிடலாம்.

கொல்லைக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. வெளியே கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றபோது அத்தை ஒரு தடவை அதைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். சற்றுக் கனத்தது, ஆனால் திறந்தது. உடனே கதவைச் சாத்தி, வீடு நனையக் கூடாதே என்று கதவிடுக்கில் கோணிச் சாக்கையும் பழைய புடவைகளையும் திணித்துவிட்டாள். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், வெளியே இடுப்பளவு தண்ணீர். இப்போது கதவு அசையவில்லை.

"கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தடியன் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நிற்கிற மாதிரி இருந்ததடி! தாழ்ப்பாள்தான் மாட்டிக்கொண்டதோ என்று பத்துத் தரம் இழுத்து இழுத்துப் பார்த்தேன்" என்றாள் அத்தை.

தாழ்ப்பாள்மேல் தப்பில்லை. தடியன் ஒருவன் நின்றது என்னவோ உண்மைதான். அவன் எவ்வளவு பெரிய தடியன் என்று கணக்குப் பார்ப்போமா? இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், பெரிய அணைக்கட்டு மதகின் கதையும் புரிந்துவிடும். கதவு ஒன்றுதான், அளவுதான் வேறு.

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பெட்டியில் தண்ணீர் நிரப்பினால் 28 கிலோ எடை இருக்கும். நம் வீட்டுக் குடத்தில் கிட்டத்தட்ட இரண்டு குடம். ஆகவே ஒரு அடி ஆழத்தில், ஒவ்வொரு சதுர அடியின் மீதும் 28 கிலோ அழுத்தம். இரண்டு அடி ஆழத்தில் அது 56. மூன்று அடியில் 85 (28-க்கு மேலும் கொஞ்சம் தூள் உண்டு). இதில் வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. அதே பலத்தோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது.

இனிக் கதவுக்கு வருவோம். அகலம் 3 அடி. வெளியே ஒரு அடி தண்ணீர் நிற்கும்போது, நீர்மட்டத்தில் அழுத்தம் ஒன்றுமில்லை, அடியில் 28 கிலோ, சராசரி 14. நனைந்த பரப்பு 3 சதுர அடி. ஆக மொத்தம் 42 கிலோ. கதவைக் கைப்பிடிப் பக்கத்தில் தள்ளுவதால் நமக்கு இதில் பாதிதான் சுமை. 21 கிலோ தள்ளினால் போதும். அத்தையால் முடிந்தது.

தண்ணீர் மூன்று அடி ஆயிற்று. 42-ஐ மூன்றால் பெருக்கினால் 126 கிலோதானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். ஆழம் மூன்று மடங்கானபோது சராசரி அழுத்தமும் மூன்று மடங்காகி 42 ஆகிவிட்டது; நனைந்த பரப்பும் மூன்று மடங்காகி 9 சதுர அடி ஆகிவிட்டது. இரண்டையும் பெருக்கினால் 382 கிலோ! மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. கைப்பிடியில் தள்ளினாலும் 191 கிலோ வேண்டும். கல்யாணச் சமையல்காரர்கள் நாலு பேர் வந்தாலும் திணறுவார்கள்.

அத்தையை எப்படிக் காப்பாற்றினார்கள் தெரியுமா? மாடி வீட்டுப் பையன்கள் மூன்று பேர் வெளியே தண்ணீரில் இறங்கி நின்று கதவை இழுத்தார்கள். ஒரு விரற்கடை இடைவெளி கிடைத்ததும் தண்ணீர் உள்ளே குபுகுபுவென்று பாய்ந்தது. முதலில் அத்தை அலறினாளாம். ஆனால் உள்ளே தண்ணீர் ஏற ஏறக் கதவு இளகிவிட்டது. உள்ளே நிற்கும் தண்ணீர் வெளிப்பக்கம் தள்ளுகிறது; வெளியே நிற்பது உட்பக்கம் தள்ளுகிறது; இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் கதவுக்கு வெறும் கதவின் கனந்தான். கோணிச் சாக்கைத் திணித்து உள்ளே ஈரம் வராமல் காத்ததே வினையாயிற்று! வெள்ளத்தில் மாட்டிக்கொண்டால், மின்சார மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் ஏறுவதற்கு முன்பே வெளியேறிவிடுவதுதான் நல்லது. நேரம் தப்பிவிட்டால், சாக்கை உருவிவிட்டால்தான் கதவு திறக்கும். அதிலும், வெளியே 3 அடி, உள்ளே 2 அடி என்று இருக்கும்போது கூடப் பாதிக்கு மேல் பாரம் மிச்சம் இருக்கும். மட்டம் ஏறக்குறையச் சமமாகும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

சரி, கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு துங்கபத்திரைக்குப் போவோம்.

கர்நாடகத்தில் ஹோஸ்பேட்டைக்குப் பக்கத்தில், ஹம்பி பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு வரும் அணை அது. அப்போதைய சென்னை மாகாணமும் ஹைதராபாத் சமஸ்தானமும் சேர்ந்து ஆரம்பித்த வேலை, 1953-இல் முடிந்தது. அணையின் தலைப்பில் வரிசையாக 33 மதகுகள். ஒவ்வொரு மதகிலும் ஓர் இரும்புக் கதவு; 60 அடி அகலம், 20 அடி உயரம். நடுத்தர அளவு கல்யாண மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரை நினைத்துக் கொள்ளுங்கள். கதவின் இரு ஓரங்களும் தூண்களில் உள்ள பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். சங்கிலி கட்டி மேலே தூக்குவார்கள்.

2024 ஆகஸ்டு 10-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு. அணை நிரம்பி நின்றது. 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்தது. கதவு ஆற்றோடு போய்விட்டது. 60 அடி அகல ஓட்டை வழியே தண்ணீர் பாய, மற்ற மதகுகளையும் திறந்துவிட வேண்டியதாயிற்று.

அந்தக் கதவின் மீது எவ்வளவு பாரம் இருந்திருக்கும்? நீர் கதவின் உச்சி வரை நிற்பதாக வைத்துக் கொள்வோம். அத்தை வீட்டுக் கணக்கையே போடுங்கள். 20 அடி ஆழத்தில் சதுர அடிக்கு 566 கிலோ. சராசரி அதில் பாதி, 283. பரப்பு 60 பெருக்கல் 20, அதாவது 1,200 சதுர அடி. பெருக்கினால் சுமார் 3,40,000 கிலோ, 340 டன். ஒரு யானை 4 டன் என்றால், 85 யானைகளின் கனம் அந்த ஒரே கதவின் மீது சாய்ந்திருக்கிறது.

"அத்தனை பெரிய ஏரி பின்னால் நிற்கிறதே, தள்ளாதா?" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஏரியின் நீளத்துக்கும் இந்த 340 டன்னுக்கும் சம்பந்தமே இல்லை. கதவுக்குப் பின்னால் மூன்றே அடி இடைவெளி விட்டு ஒரு சுவர் எழுப்பி, அந்தச் சந்தில் மட்டும் 20 அடிக்குத் தண்ணீர் விட்டாலும் அதே 340 டன்தான். நிற்கிற தண்ணீரின் தள்ளுபலத்தைத் தீர்மானிப்பது ஆழம் ஒன்றுதான். ஹாலந்து தேசத்தில் வேலை பார்த்த ஸைமன் ஸ்டெவின் என்ற இஞ்சினீயர் 1586-லேயே இந்தத் தண்ணீர்க் கணக்கைப் புத்தகமாக எழுதிவிட்டார். கதவு உடைந்த பிறகுதான் ஏரியின் அளவு தன் வேலையைக் காட்டும். சந்துத் தண்ணீராக இருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் வடிந்து போகும். துங்கபத்திரை நாட்கணக்கில் ஓடும்.

மொத்தம் 340 டன் என்று தெரிந்தால் போதாது. அது கதவின் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் இஞ்சினீயரின் கவலை. கீல் ஓரத்தில் விரலை வைத்துத் தள்ளினால் கதவு அசையாது. கைப்பிடியில் தள்ளினால் சுலபமாகத் திரும்பும். பலத்தோடு தூரமும் சேர்ந்துதான் எதையும் திருப்புகிறது. அதைத் திருப்பு விசை என்கிறார்கள்.

ஒரு காகித அட்டையில் இந்த மதகின் அழுத்தத்தை வரைந்து பாருங்கள். மேலே நீர்மட்டத்தில் ஒன்றுமில்லை. கீழே இறங்க இறங்க ஒரே சீராக அகன்று, அடியில் மிகவும் அகலம். வரைந்தால் முக்கோணமாக வரும். அந்த முக்கோணத்தைக் கத்தரித்து ஒரு பென்சில் முனையில் நிறுத்திப் பாருங்கள். நடு உயரத்தில் நிற்காது. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்தால்தான் நிற்கும். அதுவேதான் 340 டன்னும் ஒன்றாகத் திரண்டு தள்ளுகிற இடம்; அடியிலிருந்து 6 அடி 8 அங்குலம். கதவை அடிப்படியைச் சுற்றி முன்புறமாகக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பு விசை என்று கேட்டால், 340-ஐ 6 அடி 8 அங்குலத்தால் பெருக்க வேண்டும். சுமார் 2,270 டன்-அடி.

இதே மதகில் தண்ணீர் பாதி உயரம், அதாவது 10 அடி மட்டும் நின்றால்? தள்ளுபலம் கால்வாசி, 85 டன். அது விழுகிற இடமும் பாதி உயரத்துக்கு இறங்கிவிடும். ஆகவே திருப்பு விசை எட்டில் ஒரு பங்காகக் குறைந்து 283 டன்-அடிதான் ஆகும். திருப்பிச் சொன்னால், ஆழம் இரட்டித்தால் பலம் நாலு மடங்கு. கவிழ்க்கும் வேகமோ எட்டு மடங்கு. அணையின் கற்சுவரை மேலே ஒல்லியாகவும் கீழே பிரம்மாண்டமான கனத்திலும் கட்டுவது இதனால்தான். சுவரைத் தண்ணீர் ஒரு பக்கம் கவிழ்க்கப் பார்க்கிறது. சுவரின் சொந்தக் கனம் அதை மறுபக்கம் இழுத்து உட்கார வைக்கிறது. கனத்தை அடியில் வைத்தால்தான் அந்த இழுபறியில் ஜெயிக்க முடியும்.

மதகுக் கதவுக்கு அப்படிக் கனம் கிடையாது. அதைத் தூக்கி இறக்க வேண்டுமே! அதன் பாரத்தை இரு பக்கத் தூண்களும் தாங்குகின்றன. கதவின் முதுகில் குறுக்கே இரும்பு உத்தரங்கள் ஓடும். நாலு உத்தரங்கள் என்று வைத்துக் கொள்வோம். நாலும் சமமாகச் சுமக்க வேண்டுமானால் கதவை எப்படிப் பங்கிடுவது? நாலு சம பாகமாக அல்ல. மேல் உத்தரத்துக்கு 10 அடி உயரம். அடுத்ததற்கு 4 அடி 2 அங்குலம். அதற்கடுத்ததற்கு 3 அடி 2 அங்குலம். கடைசிக்கு 2 அடி 8 அங்குலம். மேல் பாதி முழுவதும் சுமப்பதும், அடியில் இடுப்பளவுகூட இல்லாத அந்தக் கடைசிப் பட்டை சுமப்பதும் ஒரே பாரம்! ஏதாவது அணைக்குப் போனால் பின்புறம் நின்று மதகுக் கதவைப் பாருங்கள். உத்தரங்கள் மேலே விலகியும் கீழே நெருங்கியும் இருந்தால், காரணம் இனி உங்களுக்குத் தெரியும்.

19-ஆம் மதகுக்குத் திரும்புவோம். புதுக் கதவு போட வேண்டுமானால், நீர்மட்டம் மதகின் அடிப்படி வரை இறங்க வேண்டும் என்றார்கள். அதாவது அணையில் இருந்த தண்ணீரில் பாதிக்கு மேல் வீணாக ஓடவேண்டும். மூன்று மாநிலத்து விவசாயிகள் அதை நம்பி நாற்று விட்டிருக்கிறார்கள்.

அப்போது கன்னையா நாயுடு என்ற இஞ்சினீயரை வரவழைத்தார்கள். எழுபது வயதைத் தாண்டியவர். மதகுக் கதவுகளிலேயே ஆயுளைக் கழித்தவர். முழுக் கதவு வேண்டாம், அகலமான இரும்புத் தடுப்புகளை ஒவ்வொன்றாக ஓடுகிற தண்ணீரிலேயே இறக்கி அடைத்துவிடலாம் என்பது திட்டம். 'ஸ்டாப்லாக்' என்று அவற்றுக்குப் பெயர். பழைய காலத்தில் கடைகளுக்குக் கதவாகப் பலகை பலகையாகச் செருகுவார்களே, அதைப் படுக்க வைத்தாற்போல! ஒவ்வொன்றும் 60 அடி நீளம், 4 அடி உயரம். ஐந்து தடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தால் 20 அடி.

வழக்கமாக இவற்றை ஓட்டம் இல்லாத தண்ணீரில், இரு பக்கமும் மட்டம் சமமாக இருக்கும்போது இறக்குவார்கள், தூக்குவார்கள். அத்தையின் கதவு இளகிய அதே நியாயந்தான். சமமாக இருந்தால் பக்கவாட்டுப் பாரம் இல்லை. இங்கே ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வெற்றிடம், நடுவே சீறும் வெள்ளம். பயந்ததில் ஆச்சரியம் என்ன?

ஐந்து தடுப்புகளும் ஒரே அளவு என்றேன். ஆனால் அவற்றின் விதி ஒன்றல்ல. ஐந்தும் உட்கார்ந்து, தண்ணீர் உச்சி வரை நின்றால் 340 டன் எப்படிப் பிரியும் என்று பாருங்கள். மேல் தடுப்பு சுமப்பதை ஒரு பங்கு என்றால், அடுத்தது 3 பங்கு, பிறகு 5, பிறகு 7, அடித்தடுப்பு 9 பங்கு. மொத்தம் 25 பங்கு. டன்னில் சொன்னால் முறையே சுமார் 14, 41, 68, 95, 122. வீட்டுக்கு மூத்த மருமகளைப் போல, முதலில் வந்து அடியில் உட்கார்ந்ததன் தலையில்தான் எல்லாம்! இது நிற்கிற தண்ணீரின் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே வெள்ளம் வழிந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பாரம் இப்படிச் சீராக இருக்காது. தடுப்பு ஆடும், நடுங்கும்.

ஆகஸ்டு 16-ஆம் தேதி முதல் தடுப்பை இறக்கினார்கள். அது சரியாக உட்கார்ந்தது. மறுநாளே மற்றவையும் இறங்கி, 19-ஆம் மதகு அடைபட்டது.

இங்கே உங்களில் யாராவது ஒரு கேள்வி கேட்பீர்கள். தண்ணீர் பக்கவாட்டில் தள்ளுகிறது. சங்கிலியோ மேலே தூக்குகிறது. 340 டன்னுக்கும் சங்கிலிக்கும் என்ன உறவு?

உறவு உராய்வில் இருக்கிறது. மரப் பீரோவைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அழுத்திக்கொண்டு, வேறொருவரை அதை மேலே தூக்கச் சொல்லுங்கள். அழுத்துகிற அளவுக்குத் தூக்குவதும் கஷ்டம். 340 டன் தண்ணீர் கதவைத் தூணின் பள்ளத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது. துருப்பிடித்த இரும்பு இரும்போடு தேய்ந்தால், அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம் உராய்வுக்கே போய்விடும். 100 டன்! அதைத் தவிர்க்கத்தான் கதவின் ஓரங்களில் உருளைகள் வைக்கிறார்கள். உருளைகள் ஒழுங்காகச் சுழன்றால் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போகாது. 17 டன்னோடு முடிந்துவிடும். கதவின் சொந்தக் கனத்தைச் சமன் செய்ய மறுமுனையில் எடைக்கட்டி தொங்குகிறது. அதற்கு மேல் சங்கிலிக்கு மிஞ்சும் வேலை பெரும்பாலும் இந்த உராய்வுதான்.

2024-இல் நடந்தது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. சங்கிலி அறுந்தது என்ற மட்டுக்கும் தெரிந்ததையே சொன்னேன். ஆனால் உருளைகள் எல்லாமே துருவேறி நின்றுவிட்டால் 17 டன் சுமக்கவேண்டிய சங்கிலி 100 டன் சுமக்க நேரும். மசகு போட மறந்த சின்னச் சின்ன உருளைகள் எல்லாம் சேர்ந்து, சங்கிலியின் சுமையை ஆறு மடங்காக்கிவிடுகின்றன. அதிலும் அடியில் உள்ள உருளைகளே அதிகம் அழுந்துகின்றன; அவையே எப்போதும் தண்ணீரில் கிடக்கின்றன; அவற்றையே பார்ப்பதும் கடினம்.

பார்க்க முடியாவிட்டாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. கதவைத் தூக்கும் மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை ஒரு முள் காட்டும். ஒவ்வொரு முறையும் அதைக் குறித்து வைப்பார்கள். ஏரியில் அதே மட்டம், தூக்குவது அதே கதவு. ஆனால் முள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் அதிகமாக நகர்ந்தால், அடியில் ஏதோ உருளை சண்டித்தனம் செய்கிறது என்று அர்த்தம். கதவு ஒரு பக்கம் முந்தி ஏறினாலும், நடுநடுவே நின்று திமிறி ஏறினாலும் அப்படியே. மூடிய கதவின் அடியோரத்தில் ரப்பர் பட்டைக்குக் கீழே விசிறி போல் நீர் பீறிட்டால், அங்கே சதுர அடிக்கு 566 கிலோ வழி தேடிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் எழுதி முடித்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். யானைக் கணக்கையும் மருமகள் கணக்கையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், அந்த 191 கிலோவை எழுதியிருக்கிறாயே, அதைப் பெரிதாகப் போடு. உன் மாமா இன்னமும் நான் தாழ்ப்பாளைச் சரியாக இழுக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்!" என்றாள்.